நாளுக்கு ஒரு ரூபாய் கூட்டிப் போடும் உண்டியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் நாள் ஒரு ரூபாய், இரண்டாம் நாள் இரண்டு ரூபாய், மூன்றாம் நாள் மூன்று ரூபாய். இப்படியே வருடம் முழுக்க. எங்கள் வீட்டில் நான்கு வருடமாக இந்த உண்டியல் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஏழெட்டு வீடுகள் சேர்ந்துகொண்டதில், கணக்குச் சந்தேகம் எல்லாம் என்னிடம்தான் வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

365 நாளும் விடாமல் போட்டால் மொத்தம் எவ்வளவு வரும்?

66,795 ரூபாய். பிப்ரவரியில் 29 நாள் வரும் வருடமாக இருந்தால் 366-ஆம் நாளும் சேர்ந்து 67,161 ரூபாய்.

365 எண்ணையும் ஒவ்வொன்றாகக் கூட்டியா இதைக் கண்டுபிடித்தீர்கள்?

முதல் வருடம் என் மாமியார் அப்படித்தான் கால்குலேட்டரில் கூட்டினார். நடுவில் ஒரு எண் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பாடு தேவையில்லை.

முதல் நாள் பணத்தையும் கடைசி நாள் பணத்தையும் ஒன்றாக வையுங்கள்: 1 + 365 = 366. அடுத்து இரண்டாம் நாளும் கடைசிக்கு முந்தைய நாளும்: 2 + 364, அதுவும் 366. ஒரு பக்கம் ஒன்று ஏறும்போது மறுபக்கம் ஒன்று இறங்குவதால் எந்த ஜோடியை எடுத்தாலும் 366-தான். இப்படி 182 ஜோடிகள் கிடைக்கும். நட்டநடுவில் 183-ஆம் நாள் மட்டும் ஜோடி இல்லாமல் நிற்கும். 182 × 366 = 66,612. அதோடு 183 சேர்த்தால் 66,795.

இதையே சுருக்கிச் சொன்னால், நாளின் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 40-ஆம் நாள் உண்டியலில் எவ்வளவு இருக்க வேண்டும்? 40 × 41 = 1,640, அதில் பாதி 820. எந்த நாளுக்கும் இது பொருந்தும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி, எண்ணிக்கையில் பாதியால் பெருக்கும் இந்த வழியை 499-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆர்யபடீயத்திலேயே ஆர்யபடர் சொல்லியிருக்கிறார்.

இந்த ஜோடிக் கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஒரு ஜோடி 366 என்றால், சராசரியாக ஒரு நாளுக்கு 183 ரூபாய். இந்த 183-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் உதவும்.

ஜூன் முடிந்துவிட்டது, ஆனால் உண்டியலில் பாதிகூட இல்லையே, எங்கே தப்பு நடந்தது?

தப்பு எதுவும் இல்லை. ஜூன் 30-ஆம் தேதி 181-ஆம் நாள். அன்றைக்கு இருக்க வேண்டியது 16,471 ரூபாய்தான், அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய கால்வாசி. நாள் பாதி ஆகும்போது தினம் போடும் தொகையும் பாதிதான் ஆகியிருக்கும். பாதி நாளும் பாதி தொகையும் சேர்ந்தால் கால்தான் வரும். மொத்தத்தில் பாதியைத் தொடுவது செப்டம்பர் 15-ஆம் தேதி, 258-ஆம் நாளில்.

ஜனவரி 1-இல் ஆரம்பித்தவர்களுக்கு மாதக் கணக்கு இப்படி இருக்கும்:

| மாதம் | அந்த மாதம் போடுவது | மாதக் கடைசியில் மொத்தம் |
|---|---|---|
| ஜனவரி | 496 | 496 |
| பிப்ரவரி | 1,274 | 1,770 |
| மார்ச் | 2,325 | 4,095 |
| ஏப்ரல் | 3,165 | 7,260 |
| மே | 4,216 | 11,476 |
| ஜூன் | 4,995 | 16,471 |
| ஜூலை | 6,107 | 22,578 |
| ஆகஸ்ட் | 7,068 | 29,646 |
| செப்டம்பர் | 7,755 | 37,401 |
| அக்டோபர் | 8,959 | 46,360 |
| நவம்பர் | 9,585 | 55,945 |
| டிசம்பர் | 10,850 | 66,795 |

ஆரம்பிக்கும் முன்னால் இந்தப் பட்டியலின் கடைசி மூன்று வரிகளைப் பாருங்கள். மூன்றே மாதத்தில் 29,394 ரூபாய், மொத்தத்தில் 44 சதவீதம். "தினம் ஒரு ரூபாய்தானே கூடுகிறது" என்று சொல்லி ஆரம்பித்து வைக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எங்கள் தெருவில் பாதியில் விட்டவர்கள் எல்லாரும் செப்டம்பருக்குப் பிறகுதான் விட்டார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் நின்றேன்: தீபாவளித் துணி எடுக்கிற மாதத்தில் தினம் 300 ரூபாய் உண்டியலுக்கு என்றால் எங்கிருந்து வரும்?

கடைசி மாதங்களின் பாரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா?

மொத்தத்தைத் தொடாமலே குறைக்கலாம். 1 முதல் 365 வரையுள்ள எண்களை எந்த வரிசையில் போட்டாலும் கூட்டுத்தொகை 66,795-தான். அதனால் வரிசையை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு வழி, தலைகீழாகப் போவது. முதல் நாள் 365, மறுநாள் 364 என்று இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஜனவரியில் 10,850 போகும், டிசம்பரில் 496 போதும். கையில் கொஞ்சம் பணத்தோடு ஆரம்பிப்பவர்களுக்கு இது நல்லது, நாளாக நாளாகச் சுமை இறங்கும். ஆனால் முதல் மாதமே பத்தாயிரத்துக்கு மேல் எடுத்துவைக்க முடியாத வீட்டுக்கு இது ஆகாது.

இன்னொரு வழி, இரண்டு முனையிலிருந்தும் எடுப்பது. இன்றைக்கு 1, நாளைக்கு 365, மறுநாள் 2, அதற்கடுத்த நாள் 364. இரண்டு நாளுக்கு ஒருமுறை 366 ரூபாய் என்று வருடம் முழுக்க ஒரே சீராகப் போகும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன், மாதம் சுமார் 5,570 ரூபாய் ஒதுக்கினால் போதும்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பது மூன்றாவது வழி. ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு 1 முதல் 365 வரை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். எந்த நாளும் எந்த எண்ணையும் போடலாம், போட்டதும் அந்தக் கட்டத்தை அடித்துவிட வேண்டும். சம்பளம் வந்த வாரத்தில் 300-க்கு மேலுள்ள எண்கள், மாதக் கடைசியில் சின்ன எண்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் தோது, ஏனென்றால் அவர்களின் வரவு ஒரே மாதிரி இருக்காது.

அட்டை முறையில் ஒரு ஆபத்து உண்டு. மனது சின்ன எண்ணாகத் தேடித் தேடி அடிக்கும். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் பெரிய எண்கள் மட்டும் வரிசையாக நிற்கும், மறுபடி அதே டிசம்பர் பாரம். இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த 183. அடித்த கட்டங்களை எண்ணி 183-ஆல் பெருக்குங்கள். உண்டியலில் இருப்பது அதைவிடக் குறைவு என்றால் சின்ன எண்களை அதிகம் எடுத்துவிட்டீர்கள். உதாரணமாக 181 கட்டம் அடித்திருந்தால் 33,123 ரூபாய் இருக்க வேண்டும். 24,000-தான் இருக்கிறது என்றால், மீதி 42,795 ரூபாயை மீதி 184 நாளில் போட்டாக வேண்டும், நாளுக்குச் சுமார் 233. இது ஜூன் கடைசியிலேயே தெரிந்துவிட்டால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

வரிசையை மாற்ற மனமில்லாதவர்கள் ஆரம்பிக்கும் தேதியை மாற்றலாம். சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14-இல் தொடங்கினால் அக்டோபர் நடுவில்தான் 183 ரூபாயைத் தாண்டுவோம். தீபாவளி நேரத்தில் தினம் 300 போட வேண்டியதில்லை. கனமான மாதங்கள் ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை வரும். மொத்தப் பணமும் ஏப்ரல் 13-இல் கையில் இருக்கும், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால். பொங்கல் செலவு பெரிதாக வருகிற வீடுகள் மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

தினம் 187, 188 என்று சில்லறை தேட முடியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துப் போடலாமா?

தாராளமாகப் போடலாம், அதற்கு ஒரு எளிய கணக்கும் உண்டு. அடுத்தடுத்த ஏழு நாள்களின் மொத்தம் எப்போதும் நடு நாளின் ஏழு மடங்கு. ஜூலை 9 முதல் 15 வரை, அதாவது 190 முதல் 196-ஆம் நாள் வரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது 193. ஏழு மடங்கு 1,351. ஏழையும் தனித்தனியாகக் கூட்டினாலும் அதே 1,351 வரும்.

அடுத்த வாரம் ஒவ்வொரு நாளும் ஏழு ரூபாய் கூடியிருக்கும், ஆக வாரத்துக்கு 49 ரூபாய் ஏறும். முதல் வாரம் 28, இரண்டாவது 77, மூன்றாவது 126. ஐம்பத்திரண்டாவது வாரம் 2,527. அதற்கு மேல் ஒரே ஒரு நாள் மிஞ்சும், அதற்கு 365. இந்த ஒற்றை நாளை மறந்துவிட்டு "மொத்தம் 66,430-தான் வருகிறது" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

ஊருக்குப் போனதில் ஐந்து நாள் விட்டுப்போச்சு. விட்ட எண்ணிலிருந்து தொடரலாமா, இல்லை இன்றைய எண்ணைப் போடுவதா?

இன்றைய எண்ணைப் போடுங்கள். விட்ட எண்ணிலிருந்து தொடர்வதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும், எதுவும் விடுபடாத மாதிரியும் இருக்கும். ஆனால் நஷ்டம் அதில்தான் அதிகம்.

201 முதல் 205 வரை ஐந்து நாள் விட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். 206-ஆம் நாள் 206 ரூபாயே போட்டுத் தொடர்ந்தால், குறைவது அந்த ஐந்து நாள் பணம் மட்டும். நடு நாளின் ஐந்து மடங்கு, 5 × 203 = 1,015 ரூபாய்.

மாறாக 206-ஆம் நாள் 201 ரூபாய் போட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறினால் வருடக் கடைசியில் 360-இல்தான் நிற்பீர்கள். 361 முதல் 365 வரை போடவே மாட்டீர்கள். அது 1,815 ரூபாய் குறைவு. விட்ட நாள்கள் நடுவில் இருந்தாலும், வெட்டுப்படுவது கடைசியில் இருக்கும் பெரிய எண்கள். முதல் மாதத்தில் ஐந்து நாள் விட்டாலும், எண்ணைத் தள்ளிப்போட்டால் இதே 1,815-தான் போகும். ஜனவரி 5 வரை கூடுதலாக ஐந்து நாள் போடத் தயாராக இருந்தால் மட்டும் அந்த வழியில் மொத்தம் சரியாக வரும்.

விட்ட 1,015 ரூபாயை ஒரே நாளில் போட முடியாவிட்டால், அடுத்த 29 நாளுக்குத் தினம் 35 ரூபாய் கூடுதலாகப் போடலாம். 29 × 35 சரியாக 1,015. காலண்டரில் அந்த 29 நாளையும் குறித்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது நாளே மறந்துபோகும்.

உண்டியலை எண்ணினால் கணக்கைவிடக் குறைகிறது. எந்த நாள் விட்டேன் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பல சமயம் முடியும், குறையும் தொகையே சொல்லிவிடும்.

ஏப்ரல் 30 இரவு உண்டியலைத் திறந்து எண்ணுகிறீர்கள். 120-ஆம் நாள், இருக்க வேண்டியது 7,260. இருப்பது 7,148. குறைவது 112. ஒரே ஒரு நாள் விட்டிருந்தால் அது 112-ஆம் நாளாகத்தான் இருக்க வேண்டும், அதாவது ஏப்ரல் 22. அன்றைக்கு எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் போனோம், இரவு வர நேரமாயிற்று என்றால் அநேகமாக விடை கிடைத்துவிட்டது.

இது நிச்சயம் என்று சொல்ல முடியாது. 50-ஆம் நாளும் 62-ஆம் நாளும் விட்டிருந்தாலும் 112-தான் குறையும். அதனால்தான் மாதத்துக்கு ஒருமுறை எண்ணச் சொல்கிறேன். மே மாதத்தை மட்டும் தனியாக எண்ணினால், அதில் வரும் எண்கள் 121 முதல் 151 வரைதான். குறைவது 140 என்றால் விட்டது 140-ஆம் நாள், வேறு எதுவாகவும் இருக்க முடியாது, ஏனென்றால் மே மாதத்தில் எந்த இரண்டு நாளைச் சேர்த்தாலும் குறைந்தது 243 ஆகிவிடும். 250 குறைந்தால் இரண்டு நாள் விட்டிருக்கிறீர்கள். 60 குறைந்தால் முழு நாள் எதுவும் விடவில்லை. ஏதோ ஒரு நாள் தொகையைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள், அல்லது யாரோ காய்கறிக்காரருக்குக் கொடுக்க எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

கணக்குப் பிள்ளைகள் வழக்கமாகப் பார்க்கும் இன்னொரு சோதனையும் இங்கே உதவும். குறைவதோ கூடுவதோ 9, 18, 27 என்று ஒன்பதால் வகுபடும் எண்ணாக இருந்தால், எண்ணை மாற்றிப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. 132-க்குப் பதில் 123 போட்டால் 9 குறையும், 63-க்குப் பதில் 36 போட்டால் 27 குறையும்.

நான் ஜூன் 1-இல்தான் கேள்விப்பட்டேன். இப்போது ஆரம்பித்து டிசம்பருக்குள் 66,795 சேர்க்க முடியுமா?

ஒரு ரூபாயில் ஆரம்பித்தால் முடியாது. ஜூன் 1 முதல் டிசம்பர் 31 வரை 214 நாள். 1 முதல் 214 வரை கூட்டினால் 23,005 ரூபாய்தான் வரும்.

காலண்டர் எண்ணிலேயே சேர்ந்துகொண்டால், அதாவது ஜூன் 1 வருடத்தின் 152-ஆம் நாள் என்று அன்றைக்கே 152 ரூபாய் போட்டுத் தொடர்ந்தால், 55,319 ரூபாய் சேரும். ஐந்து மாதம் தாமதமாக வந்தும் விட்டது 11,476 மட்டுமே, ஏனென்றால் அந்த ஐந்து மாதமும் சின்ன எண்கள். ஆனால் முதல் மாதமே 4,995 ரூபாய் வேண்டும். முடியுமா என்று அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எனக்கு 25,000 ரூபாய் வேண்டும். தினம் ஒரு ரூபாய் கூட்டினால் எத்தனை நாள் ஆகும்?

224 நாள். வேண்டிய தொகையை இரட்டிப்பாக்கி, போனிலுள்ள கால்குலேட்டரில் வர்க்கமூலம் பாருங்கள். 50,000-இன் வர்க்கமூலம் 223.6. விடை அதன் பக்கத்தில்தான் இருக்கும், முன்னே பின்னே ஒரு நாளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 223 நாளில் 24,976, இன்னும் 24 ரூபாய் குறைகிறது. 224 நாளில் 25,200. இதே வழியில் 10,000-க்கு 141 நாள், 50,000-க்கு 316 நாள்.

அவ்வளவு நாள் இல்லை, நூறே நாள்தான் இருக்கிறது என்றால் ஏற்றத்தைப் பெரிதாக்க வேண்டும். 1 முதல் 100 வரை கூட்டினால் 5,050. 25,000-ஐ அதால் வகுத்தால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. அதனால் நாளுக்கு ஐந்து ஐந்தாக ஏறுங்கள்: 5, 10, 15 என்று நூறாவது நாள் 500. மொத்தம் 25,250. இங்கேயும் கடைசி வாரத்தை முதலில் பார்த்துவிடுங்கள். 94 முதல் 100-ஆம் நாள் வரை மட்டும் 3,395 ரூபாய்.

முதல் தொகையும் ஏற்றமும் வேறு வேறாக இருந்தாலும் ஜோடி முறை அப்படியே பொருந்தும். 10 ரூபாயில் ஆரம்பித்து ஐந்து ஐந்தாக 30 நாள் போட்டால் கடைசி நாள் 155. முதலும் கடைசியும் சேர்த்து 165, அதைப் பதினைந்தால் பெருக்கினால் 2,475. கடைசி நாள் தொகையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முப்பது நாளில் ஏற்றம் இருபத்தொன்பது முறைதான் நடக்கும், முப்பது முறை அல்ல. 10 + 29 × 5 என்று போட வேண்டும்.

கூட்டிக்கொண்டே போவதற்குப் பதில் தினம் இரட்டிப்பாக்கினால் சீக்கிரம் சேராதா?

யாராலும் போட முடியாது. 1, 2, 4, 8 என்று போனால் பதினைந்தாம் நாள் 16,384 ரூபாய் வேண்டும். முப்பது நாள் மொத்தம் 107 கோடியைத் தாண்டிவிடும். கூட்டுவதும் பெருக்குவதும் முதல் இரண்டு நாள் ஒரே மாதிரிதான் இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது.

கூகுள் ஷீட்ஸில் தினமும் தானாகக் கணக்குக் காட்ட வைக்க முடியுமா?

மூன்றே கட்டம் போதும். `A1`-இல் ஆரம்பித்த தேதியைப் போடுங்கள். `B1`-இல் இன்று எத்தனையாவது நாள், `C1`-இல் இன்று வரை இருக்க வேண்டிய மொத்தம்:

```
B1:  =TODAY()-A1+1
C1:  =B1*(B1+1)/2
```

`B1`-இல் எண்ணுக்குப் பதில் 1900-ஆம் ஆண்டுத் தேதி ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தின் ஃபார்மட்டைத் தேதியிலிருந்து எண்ணுக்கு மாற்றினால் சரியாகிவிடும். அந்த `+1`-ஐ விட்டுவிடாதீர்கள். விட்டால் முதல் நாளைச் சுழியம் என்று எண்ணும், தினமும் ஒரு நாள் பின்தங்கிய கணக்கே காட்டும்.

உண்டியலில் வைக்காமல் வங்கியில் போட்டால் எவ்வளவு வட்டி கிடைக்கும்?

எந்த வரிசையில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மொத்தம் ஒன்றுதான் என்றாலும், பெரிய பணம் எத்தனை நாள் கணக்கில் கிடக்கிறது என்பதில்தான் வட்டி இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் சேமிப்புக் கணக்கு வட்டி அன்றாட இருப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது, ஆகவே ஒவ்வொரு நாள் இருப்பும் கணக்கில் வரும்.

கணக்குப் பார்ப்பதற்காக வருடத்துக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து ஏறிக்கொண்டே போனால் வருடம் முழுக்கச் சராசரி இருப்பு 22,387 ரூபாய், வட்டி சுமார் 672. தினம் ஒரே மாதிரி 183 போட்டால் சராசரி இருப்பு 33,489, வட்டி சுமார் 1,005. 365-இலிருந்து இறங்கி வந்தால் சராசரி 44,591, வட்டி சுமார் 1,338. அதே பணம், அதே 365 நாள். வரிசையைத் திருப்பிப் போட்டதிலேயே வட்டி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

ஆர்.டி. பற்றியும் கேட்கிறார்கள். ஆர்.டி.யில் மாதாமாதம் ஒரே தொகை கட்ட வேண்டும், நாளுக்கு ஒரு ரூபாய் ஏறும் கணக்கு அதில் நேரடியாக உட்காராது. ஒரு வருட ஆர்.டி.யில் மாதம் 5,570 ரூபாய் கட்டினால் 66,840 ஆகும், நம் மொத்தத்தைவிட 45 ரூபாய் அதிகம். சீரான சம்பளம் வருகிற வீட்டுக்கு அதுவே நல்லது. உண்டியல் யாருக்கு என்றால், மாதம் 5,570 என்று ஒரே நாளில் எடுத்துவைக்க முடியாமல், கடைக்குப் போய் வந்த மிச்சத்தையும் வீட்டுச் செலவில் மிஞ்சியதையும் சிறுவாடாகச் சேர்க்கிறவர்களுக்கு. அவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: ஆகஸ்ட் முடிவில் உண்டியலில் 29,646 ரூபாய் இருக்கும். அவ்வளவு ரொக்கத்தை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். மாதாமாதம் எண்ணிச் சரிபார்த்த அன்றே வங்கிக் கணக்கில் கட்டிவிட்டு, கட்டிய ரசீதை மடித்து உண்டியலுக்குள்ளேயே போடுங்கள். அடுத்த முறை எண்ணும்போது ரசீதுத் தொகையையும் உள்ளே இருக்கும் ரொக்கத்தையும் கூட்டி அட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.